இரண்டு நிபந்தனைகள்: திரிய்யா உடன்பாடு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஹிஜ்ரி 1157 அல்லது 1158-இல், அதாவது கி.பி. 1744–45 வாக்கில், அரேபியாவின் உள்நிலமான நஜ்தில் இருந்த திரிய்யா என்ற சிற்றூரில் இருவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவர் சொந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்ட சமயச் சீர்திருத்தப் போதகர் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப். மற்றவர் அவ்வூரின் அமீர் முஹம்மது இப்னு சவூத். அவர்களின் வழிவந்தோர் மூன்று முறை அரசமைத்தார்கள். அவற்றுள் மூன்றாவது இன்றும் இருக்கிறது.

இந்தக் கூட்டணியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொள்கையைப் பற்றியே பேசுகிறார்கள். இவ்வாய்வு வேறொரு கோணத்தை எடுத்துக்கொள்கிறது. உடன்பாட்டுக்கு முன் அமீர் இரண்டு நிபந்தனைகளை வைத்தார் என்று நஜ்தின் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒன்று, போதகர் தம்மைவிட்டு வேறிடம் போய்விடக் கூடாது. இரண்டு, அறுவடைக் காலத்தில் தாம் வாங்கும் வரியைப் போதகர் தடுக்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் கிடைத்த பதில்களும் அந்தப் பதில்களின் பின்விளைவுகளுமே இங்கே ஆராயப்படுகின்றன.

சான்றுகளைப் பற்றித் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்நிகழ்வை நமக்குச் சொல்லும் முதன்மையான இருவர் இப்னு கன்னாமும் இப்னு பிஷ்ரும் ஆவர். இருவரும் இயக்கத்துக்குள் நின்று எழுதியவர்கள். நிபந்தனைகள் அடங்கிய உரையாடலை விரிவாகத் தருபவர் இரண்டாமவர். அவர் எழுதியது 19-ஆம் நூற்றாண்டில், நிகழ்வு நடந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே அந்த உரையாடலை அங்கே பேசப்பட்ட சொற்களின் பதிவாக எடுத்துக்கொள்ள இயலாது; உடன்பாட்டை அதன் வாரிசுகள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கான சான்றாகவே கொள்ள வேண்டும். ஆனால் அந்த நினைவில் வரி என்ற சங்கடமான செய்தி மறைக்கப்படாமல் எஞ்சியிருப்பதே அதற்கு ஓரளவு நம்பகத்தன்மை தருகிறது என்பது என் கருத்து. புகழுக்காகக் கட்டப்பட்ட கதையாக இருந்தால், தம் அமீர் வரியைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பின்னணி

அக்காலத்து நஜ்து எந்தப் பேரரசின் நேரடி ஆட்சியிலும் இல்லை. உஸ்மானியரின் கை மேற்கே மக்கா, மதீனா வரை நீண்டிருந்தது. கிழக்கே அல்-அஹ்ஸா சோலைகளையும் அவற்றின் துறைமுகங்களையும் பனூ காலித் குலத் தலைவர்கள் வைத்திருந்தார்கள். இடையிலிருந்த நிலத்தில் ஒவ்வோர் ஊரும் ஒரு தனி அரசு போல இருந்தது. மண் சுவர், பேரீச்சந்தோட்டங்கள், கிணறுகள், ஒரு பள்ளிவாசல், ஓர் அமீரின் குடும்பம் என்ற அளவில் அந்த அரசு முடிந்துவிடும். அமீர் என்ற சொல் பெரிதாக ஒலித்தாலும், பலர் தம் அண்ணன் தம்பியிடமிருந்தே பதவியைப் பறித்தவர்கள். அதே முறையில் அதை இழந்தவர்களும் உண்டு. முஹம்மது இப்னு சவூத் 1727-இல் திரிய்யாவின் அமீரானதும் அவருக்கு முன்னிருந்தவர் அண்டை ஊரான உயைனாவில் கொல்லப்பட்ட பிறகுதான்.

உயைனா அப்போது அப்பகுதியின் பெரிய ஊர். வாதி ஹனீஃபா என்ற ஓடைப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் அது இருந்தது. திரிய்யா அதே பள்ளத்தாக்கில் கீழே இருந்தது. உயைனாவின் புகழ்பெற்ற அமீர் ஒருவரைக் கொள்ளைநோய் கொண்டுபோன பின், அந்த ஊர் பழைய வலிமைக்கு முழுமையாகத் திரும்பவில்லை.

முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் 1703-இல் உயைனாவில் பிறந்தார். குடும்பம் ஹன்பலி மத்ஹபைச் சேர்ந்த அறிஞர் குடும்பம். பாட்டனார் நஜ்தின் பெயர்பெற்ற மார்க்க அறிஞர், தந்தை ஊரின் காழி. இளமையில் மதீனாவிலும் பஸ்ராவிலும் கல்வி கற்றார். மதீனாவில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களுள் சிந்துப் பகுதியைச் சேர்ந்த ஹதீஸ் அறிஞர் முஹம்மது ஹயாத் அஸ்-சிந்தி ஒருவர். பஸ்ராவில் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசியதால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

அவர் சொன்னதன் மையம் தவ்ஹீத். வணக்கம் இறைவனுக்கு மட்டுமே உரியது. இறந்த பெரியோரிடம் வேண்டுதல் வைப்பதும், கப்ருகளின்மேல் எழுப்பிய கட்டடங்களை நாடிப் போவதும், மரங்களிடமும் கற்களிடமும் நற்பேறு தேடுவதும் ஷிர்க் என்றார். தர்கா விவாதங்களை அறிந்த தமிழ் முஸ்லிம் வாசகருக்கு இந்த வாதம் புதிதல்ல. ‘வஹ்ஹாபி’ என்ற சொல்லும் புதிதல்ல. அது எதிர்த்தரப்பு இட்ட பெயர். அவர்கள் தங்களை ஓரிறைக் கொள்கையர் என்ற பொருளில் முவஹ்ஹிதூன் என்றே அழைத்துக்கொண்டார்கள். அறிஞர்கள் பலர் இத்தகைய வழக்கங்களை முன்பும் கண்டித்திருக்கிறார்கள். கண்டிப்பதோடு நில்லாமல், எடுத்துச் சொன்ன பிறகும் விடாதவர்கள் முஸ்லிம்கள் அல்லர், அவர்களோடு போரிடலாம் என்று முடிவெடுத்ததில்தான் இவர் வேறுபட்டார். இந்த வேறுபாடு பின்னால் ஒரு நிதி ஏற்பாடாகவே மாறியது.

உயைனாவில் முதல் முயற்சி

தந்தை உயைனா அமீரோடு ஏற்பட்ட பிணக்கால் ஹுரைமிலா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார். மகனும் அங்கே சேர்ந்தார். தந்தை 1740-இல் இறந்தபின் மகன் வெளிப்படையாகப் போதிக்கத் தொடங்கினார். ஹுரைமிலாவில் இரு தரப்பார் அதிகாரத்துக்குப் போட்டியிட்டார்கள். யாருக்கும் முழுப் பிடி இல்லை. அங்கே அவரைக் கொல்ல முயற்சி நடந்தது. தெளிவான ஓர் அதிகாரம் இல்லாத ஊரில் தம் போதனைக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை அவர் அங்கேதான் கண்டுகொண்டார் என்று கருதலாம். ஏனெனில் அடுத்து அவர் நாடியது மக்களை அல்ல, ஓர் அமீரை.

உயைனாவின் அமீர் உஸ்மான் இப்னு முஅம்மர் அவரை வரவேற்றார். போதகர் அமீர் குடும்பத்திலேயே மணம் செய்துகொண்டார். பிறகு மூன்று செயல்கள் அடுத்தடுத்து நடந்தன. மக்கள் போற்றிவந்த மரங்கள் வெட்டப்பட்டன. ஜுபைலாவில் கலீஃபா உமரின் சகோதரர் ஸைத் இப்னு அல்-கத்தாபின் கப்ரின்மேல் இருந்த கட்டடம் இடிக்கப்பட்டது. அமீரே படையோடு உடன்போனார், ஜுபைலாவாசிகள் தடுக்க நினைத்தும் இயலவில்லை. மூன்றாவதாக, தவறான உறவை மீண்டும் மீண்டும் தாமே ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கல்லெறி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்த மூன்றாவது செய்தி நஜ்தைத் தாண்டிப் பரவியது. அல்-அஹ்ஸாவை ஆண்ட பனூ காலித் தலைவர் உஸ்மானுக்குக் கடிதம் எழுதினார். போதகரைக் கொன்றுவிடு அல்லது வெளியேற்று. இல்லையென்றால் எங்களிடமிருந்து உனக்கு வரும் பணத்தை நிறுத்திவிடுவோம் என்பது அதன் சாரம். அந்தப் பணம் 1,200 பொற்காசுகள் என்றும், அதனோடு உணவும் உடையும் சேரும் என்றும் இப்னு பிஷ்ர் எழுதுகிறார். உயைனாவின் வணிகரும் அல்-அஹ்ஸா வழியாகத்தான் கடலை அடைய வேண்டும். உஸ்மான் தயங்கினார்; கடைசியில், உங்களைக் காக்க என்னால் இயலாது என்று போதகரிடம் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தைக் கொள்கைக் கோழைத்தனம் என்று கடந்துவிடும் எழுத்துகள் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. உஸ்மான் மரங்களை வெட்டவும் கப்ரை இடிக்கவும் அஞ்சவில்லை. உள்ளூர் எதிர்ப்பை அவரால் சமாளிக்க முடிந்தது. அவரை வீழ்த்தியது ஊருக்கு வெளியே இருந்த ஒருவரின் கையில் தம் வருவாய் இருந்த நிலை.

திரிய்யாவில் நடந்தது

போதகர் பள்ளத்தாக்கின் வழியே கீழிறங்கி, ஒரே நாளில் நடந்து போகக்கூடிய தொலைவிலிருந்த திரிய்யாவுக்குப் போனார். கடும் வெயிலில், கையில் ஒரு விசிறியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நடந்தார் என்று நூல்கள் சொல்கின்றன. அங்கே இப்னு சுவைலிம் குடும்பத்தார் வீட்டில் தங்கினார். விருந்தளித்தவர் தம் அமீர் என்ன செய்வாரோ என்று அஞ்சினார் என்றும் அதே நூல்கள் சொல்கின்றன.

திரிய்யாவில் போதகருக்கு ஏற்கெனவே ஆதரவாளர்கள் இருந்தார்கள். அமீரின் சகோதரர்களுள் இருவரும் அவர்களில் அடக்கம். அவர்கள் அமீரை நேரடியாக அணுகாமல் அவருடைய மனைவி மூழீயிடம் பேசினார்கள். இந்த மனிதர் உங்களைத் தேடி வந்த நற்பேறு, மதித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் கணவரிடம் சொன்னதாகவும், விருந்தினரை வரவழைக்காமல் அமீரே அவர் தங்கிய இடத்துக்குப் போனால் ஊரார் மதிப்பார்கள் என்ற யோசனையும் கூறப்பட்டதாகவும் இப்னு பிஷ்ர் எழுதுகிறார். அமீர் நடந்து போனார். யார் யாருடைய வாசலுக்குப் போனார் என்பது அந்தச் சமூகத்தில் சிறிய செய்தியன்று.

அங்கேதான் இரண்டு நிபந்தனைகளும் வைக்கப்பட்டன. அவற்றின் வரிசையையே கவனிக்க வேண்டும். நாங்கள் உங்களுக்கு உதவி, போரிட்டு, நாடுகள் கைக்கு வந்த பிறகு, எங்களை விட்டு வேறொருவரிடம் போய்விடுவீர்களோ என்பது முதல் ஐயம். உயைனாவிலிருந்து வந்த ஒருவரிடம் இதைக் கேட்டதில் வியப்பில்லை. அங்கே உறவுமுறையே ஏற்பட்டிருந்தது, இருந்தும் பிரிவு நேர்ந்தது. திரிய்யாவைவிட வலிமையான ஓர் ஊர் நாளை அழைத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. போதகர், இரத்தத்துக்கு இரத்தம், அழிவுக்கு அழிவு என்று பதிலளித்தார். இனி உங்கள் பகை என் பகை, உங்கள் பழி என் பழி என்று குலங்கள் ஒன்றோடொன்று இணையும்போது சொல்லும் பழைய அரபு உறுதிமொழி அது. இந்தப் பதிலில் மார்க்கச் சட்டம் ஏதுமில்லை; குல மரபின் மொழியிலேயே அது சொல்லப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு நேரான பதில் வரவில்லை. விளைச்சலின்மேல் மார்க்கம் ஏற்றது ஜகாத் மட்டுமே. அமீர்கள் தம் விருப்பப்படி வாங்கும் வரி தகாது என்பது போதகரின் நிலை. ஆம் என்றால் கொள்கை போகும், இல்லை என்றால் கூட்டணி போகும். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இறைவன் உங்களுக்கு வெற்றிகளைத் தரக்கூடும். அவற்றில் கிடைக்கும் கனீமத் இந்த வரியைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்றார். கனீமத் என்பது போரில் கைப்பற்றும் பொருள்.

உயைனா முயற்சியோடு ஒப்பிட்டால் இந்தப் பதிலின் எடை தெரியும். உஸ்மானின் வருவாயை ஒரு கடிதத்தால் அறுத்துவிட முடிந்தது. திரிய்யா அமீருக்கு அல்-அஹ்ஸாவிலிருந்து அப்படி ஒரு படித்தொகை வந்ததாகச் செய்தி இல்லை. இருந்த உள்ளூர் வரியும் சிறியது. பனூ காலித் தலைவரால் அவரிடமிருந்து பறிக்கக் கூடியது அதிகம் இல்லை. இழக்கக் குறைவாக இருந்தவரிடம், இனிமேல் வரக்கூடியதைக் காட்டி உடன்பாடு முடிந்தது.

உடன்பாடு நடைமுறையான விதம்

முதல் ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. போதகரைத் தேடித் திரிய்யாவுக்குக் குடிவந்தவர்கள் இரவில் கூலிவேலை செய்து பகலில் பாடம் கேட்டார்கள் என்று இப்னு பிஷ்ர் குறிப்பிடுகிறார். போதகர் அண்டை ஊர்களின் அமீர்களுக்கும் காழிகளுக்கும் கடிதங்கள் எழுதினார். சிலர் ஏற்றார்கள், சிலர் ஏளனம் செய்தார்கள். 1746 வாக்கில் சண்டைகள் தொடங்கின.

இங்கே ஓர் ஏற்பாடு உருவாகிறது. ஓர் ஊர் போதனையை ஏற்று உறுதிமொழி கொடுத்தால், திரிய்யாவிலிருந்து காழி ஒருவர் போவார். அந்த ஊர் ஜகாத் செலுத்தும். அதைக் கொள்ளையிட யாருக்கும் உரிமை இல்லை. ஏற்காத ஊர் ஷிர்க்கில் நிலைத்த ஊராகக் கருதப்பட்டது. அதன்மேல் படையெடுப்பது ஜிஹாத். கிடைத்த கனீமத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக் கருவூலத்துக்கு, மீதி போரிட்டவர்களுக்கு. பாலைவனத்தில் ஒட்டகக் கொள்ளை எப்போதும் நடந்துவந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற ஒரே கோடு முதன்முறையாக அந்நிலம் முழுவதற்கும் வரையப்பட்டது. கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு. பாதைகள் அமைதியாக இருந்ததை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது முடிவில்லாத போர்.

உஸ்மான் இப்னு முஅம்மரும் பின்னர் இந்த அணியில் சேர்ந்தார். அவருடைய மகள் அமீரின் மகன் அப்துல் அஸீஸை மணந்தார். ஆனால் உஸ்மான் எதிரிகளோடு மறைவில் தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1750-இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலிலேயே கொல்லப்பட்டார். முதல் புரவலரின் முடிவு இதுவாக இருந்தது.

எதிர்ப்பு குடும்பத்துக்குள்ளிருந்தும் வந்தது. போதகரின் சொந்தச் சகோதரர் சுலைமான் ஹுரைமிலாவில் காழியாக இருந்தார். நீங்கள் ஷிர்க் என்று சொல்லும் செயல்கள் பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் நாடுகளில் இருந்துவருகின்றன. எந்த இமாமும் அதற்காக அம்மக்களை மார்க்கத்துக்கு வெளியே தள்ளி அவர்கள்மேல் போர் தொடுத்ததில்லை என்பதே அவருடைய வாதம். ஹுரைமிலா உடன்பாட்டிலிருந்து விலகியது. சில ஆண்டுகளில் படையால் மீட்கப்பட்டது. சுலைமானின் கேள்விக்குச் சொல்லால் பதில்கள் எழுதப்பட்டன என்றாலும், அவர் சுட்டிய இடம் ஏற்பாட்டின் அச்சாணி. எதிரே இருப்பவர் முஸ்லிம் என்று ஒப்புக்கொண்டால் அவருடைய ஒட்டகம் கனீமத் ஆகாது.

வெற்றி வேகமாக வந்தது என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஊரான ரியாத் இருபத்தேழு ஆண்டுகள் எதிர்த்து நின்றது. அதன் ஆட்சியாளர் தஹ்ஹாம் இப்னு தவ்வாஸ் பலமுறை சமாதானம் செய்து, பலமுறை முறித்தார். இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக இப்னு பிஷ்ர் கணக்கிடுகிறார். 1764-இல் தெற்கிலிருந்து வந்த நஜ்ரான் படையிடம் திரிய்யா படுதோல்வி கண்டது. அடுத்து பனூ காலித் படை பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டும் ஊரைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1765-இல் முஹம்மது இப்னு சவூத் இறந்தார். மகன் அப்துல் அஸீஸ் தொடர்ந்தார். 1773-இல் தஹ்ஹாம் ஊரை விட்டு ஓட, ரியாத் கைக்கு வந்தது. அதுவரை செய்திருந்த பெருங்கடன்களைப் போதகர் ரியாதின் பொருளால்தான் அடைத்தார் என்று கூறப்படுகிறது. அதன்பின் அவர் ஆட்சி அலுவல்களையும் கருவூலப் பொறுப்பையும் அப்துல் அஸீஸிடம் விட்டுவிட்டுக் கற்பித்தலோடு ஒதுங்கினார், 1792-இல் இறந்தார்.

கனீமத் மேலானதாக இருக்கக்கூடும் என்ற வாக்கு நிறைவேற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. முதல் நிபந்தனை மட்டும் ஒரு நாளும் மீறப்படவில்லை. போதகர் வேறெங்கும் போகவில்லை.

எல்லை முடிந்த இடம்

1790-களில் அல்-அஹ்ஸா வீழ்ந்தது. உஸ்மானை மிரட்டிய கடிதம் எங்கிருந்து வந்ததோ அந்த நிலமே திரிய்யாவுக்கு வருவாய் தரலாயிற்று. 1802-இல் படை இராக்கில் புகுந்து கர்பலாவில் பெரும் படுகொலை செய்து இமாம் ஹுசைனின் தலத்தைச் சூறையாடியது. அடுத்த ஆண்டு அப்துல் அஸீஸ் திரிய்யா பள்ளிவாசலில் தொழுகையின்போது கொல்லப்பட்டார். அவருடைய மகன் சவூதின் காலத்தில் மக்காவும் மதீனாவும் கைக்கு வந்தன.

ஏற்பாட்டின் உள்முரண் இங்கே வெளிப்பட்டது. வரிக்குப் பதிலாகக் கனீமத் என்றால், வெல்லப்படாத நிலம் எப்போதும் மீதி இருக்க வேண்டும். ஒவ்வொரு வெற்றியும் வெளியே இருந்த ஒருவரை உள்ளே கொண்டுவந்து, கொள்ளைக்குரிய நிலத்தைச் சுருக்கியது. நஜ்துக்குள் இருந்தவரை எதிர்த்தவை ஊர்களும் குலங்களும்தாம். மக்காவில் உஸ்மானிய சுல்தானின் பெயர் குத்பாவிலிருந்து நீக்கப்பட்டபோதும், 1807 வாக்கில் சிரியாவிலிருந்து வந்த அரசு ஹஜ் பயணக் குழு திருப்பி அனுப்பப்பட்டபோதும், எதிரே ஒரு பேரரசு நின்றது.

சுல்தான் எகிப்து ஆளுநர் முஹம்மது அலியை அனுப்பினார். 1811-இல் படையெடுப்பு தொடங்கியது. 1818-இல் அவருடைய மகன் இப்ராஹீம் பாஷா திரிய்யாவை ஏறத்தாழ ஆறு மாதம் முற்றுகையிட்டுச் சரணடையச் செய்தார். அப்போதைய அமீர் அப்துல்லாஹ் இஸ்தான்புல்லில் தலை துண்டிக்கப்பட்டார். போதகரின் பேரன் சுலைமான் திரிய்யாவிலேயே கொல்லப்பட்டார். ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சரணடைந்ததற்குப் படைவலிமை மட்டும் காரணமன்று. எகிப்தியப் படை பணமும் பொருளும் கொடுக்கத் தொடங்கியதும் குலங்கள் பல பக்கம் மாறின. கனீமத்துக்காக வந்தவர்களில் ஒரு பகுதியினர் அது நின்றபோது போய்விட்டார்கள்.

மீண்டும் எழுந்தவையும் எழாதவையும்

1824-இல் அதே குடும்பத்தின் துர்க்கி, ரியாதைத் தலைநகராக்கி இரண்டாவது அரசை அமைத்தார். சகோதரச் சண்டையால் 1891-இல் அதுவும் முடிந்தது. 1902-இல் அக்குடும்பத்தின் மற்றோர் அப்துல் அஸீஸ் ரியாதை மீட்டார். 1932-இல் சவூதி அரேபியா என்ற பெயரில் அரசு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் போதகரின் வழிவந்தோரான ஆலுஷ் ஷைகு குடும்பத்தார் மார்க்கப் பொறுப்பில் கூடவே வந்தார்கள். மன்னர் ஃபைசலின் தாயார் அக்குடும்பத்துப் பெண். முதல் நிபந்தனை இவ்வாறு ஒரு மனிதரின் வாக்காக இருந்து இரு குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது நிபந்தனை அப்படிச் சுமுகமாக முடியவில்லை. அப்துல் அஸீஸ் நாடோடிகளைக் குடியிருப்புகளில் அமர்த்தி, போதனை அளித்து, இக்வான் என்ற படையாக்கினார். அல்-அஹ்ஸாவிலிருந்து மக்கா வரை அவர்கள் அவருக்காகப் போரிட்டார்கள். ஆனால் 1920-களின் நடுவில் நிலம் மீண்டும் தீர்ந்தது. வடக்கே பிரிட்டன் காவல் செய்த இராக், குவைத், திரான்ஸ்ஜோர்தான் எல்லைகள் வந்துவிட்டன. அங்கே போரிடக் கூடாது என்று அப்துல் அஸீஸ் தடுத்தார். தம் தலைவர் ஜிஹாதை நிறுத்துகிறார், தந்தியும் காரும் பயன்படுத்துகிறார், மார்க்கத்தில் இல்லாத வரிகளை வாங்குகிறார் என்று இக்வான் தலைவர்கள் குறை சொன்னார்கள். 1818-இன் பாடம் அவருக்கு நினைவிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது அந்தப் பாடம் அன்று.

1927 பிப்ரவரியில் ரியாதில் உலமாக்கள் கூடி ஃபத்வா அளித்தார்கள். தந்தியைப் பற்றித் தமக்குத் தெளிவில்லை என்றார்கள். ஜிஹாதைப் பற்றிய முடிவு இமாமுக்கு, அதாவது ஆட்சியாளருக்கு, உரியது என்றார்கள். வரியைப் பற்றிச் சொன்னதுதான் நம் ஆய்வுக்கு முக்கியம். அவை தடுக்கப்பட்டவை, மன்னர் நீக்கினால் அது கடமையை நிறைவேற்றியதாகும், நீக்காவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காக முஸ்லிம்களின் ஒற்றுமையை உடைத்து அவருக்கு எதிராக எழுவது கூடாது. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் திரிய்யாவில் தவிர்க்கப்பட்ட நேரடிப் பதில் இப்போது கிடைத்தது. கொள்கை கைவிடப்படவில்லை, அதை நிறைவேற்றும்படி ஆட்சியாளரைக் கட்டாயப்படுத்தும் உரிமைதான் கைவிடப்பட்டது.

இக்வானில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. 1929 மார்ச்சில் சபிலாவில் அப்துல் அஸீஸ் அவர்களைத் தோற்கடித்தார். பின் 1938-இல் தஹ்ரானில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. அறுவடை வரியும் வேண்டாம், கனீமத்தும் வேண்டாம் என்ற நிலை அந்த மண்ணின் வரலாற்றிலேயே முதன்முறையாக வந்தது. கிணறுகள் இருந்ததும் வேறெங்கும் அல்ல, பழைய அல்-அஹ்ஸாவில்தான்.

1927-இல் வகுத்த முறை தொடர்ந்தது. 1979-இல் மக்கா பள்ளிவாசலை ஆயுதக் குழு ஒன்று பிடித்தபோது, அங்கே படையைப் பயன்படுத்த உலமாக்கள் அனுமதி அளித்தார்கள். 1990-இல் குவைத்தை இராக் பிடித்தபோது, வெளிநாட்டுப் படைகளை அழைப்பதற்கும் ஃபத்வா கிடைத்தது. இரண்டு முறையும் எதிர்த்தவர்கள் அதே போதனையில் வளர்ந்தவர்கள். உலமாக்களைவிடத் தாங்களே அதற்கு உண்மையானவர்கள் என்று சொன்னவர்கள்.

மறு ஆய்வில் மாற்றியவை

இந்நிகழ்வை முதலில் எழுதத் தொடங்கியபோது, மார்க்கம் போதகருக்கு, ஆட்சி அமீருக்கு என்ற தெளிவான பிரிவினையாகவே நான் அதைக் கண்டேன். பல நூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. நிபந்தனைகளை மீண்டும் படித்தபின் அதை மாற்றிக்கொண்டேன். 1773 வரை கருவூலம் போதகரின் மேற்பார்வையில் இருந்தது. குலத்தின் மொழியில் உறுதிமொழி கொடுத்தவரும் அவரே. பிரிவினை 1773-க்குப் பிறகு படிப்படியாக ஏற்பட்டது. 1744-இல் அது இல்லை.

இரண்டாவது மாற்றம் உஸ்மானைப் பற்றியது. அவரை ஓரத்துப் பாத்திரமாக வைத்திருந்தேன். அவர் இல்லாமல் திரிய்யாவை விளக்க முடியாது என்று இப்போது கருதுகிறேன். ஒரே போதகர், ஒரே போதனை, ஒரே பள்ளத்தாக்கு. மாறியது புரவலரின் வருவாய் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே.

மூன்றாவது, நிகழ்வின் தொடக்கத் தேதி. அண்மை ஆண்டுகளில் ரியாத் தன் பழைய ஏற்பாடுகளைத் தளர்த்திவருகிறது. 2016-இல் சமயக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் நீக்கப்பட்டது. 2018-இல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2020-இல் அது 15 விழுக்காடானது. அதற்கு எந்தத் தரப்பிடமிருந்தும் நிபந்தனை வரவில்லை. 2022-இல் பிப்ரவரி 22-ஐ நிறுவன நாளாக அரசு அறிவித்தது. அரசின் தொடக்கம் 1727, முஹம்மது இப்னு சவூத் திரிய்யாவில் பதவியேற்ற ஆண்டு என்று அது வைத்துக்கொண்டது. நீண்ட காலமாகத் தொடக்கமாகச் சொல்லப்பட்டுவந்த உடன்பாட்டு ஆண்டு அந்த அறிவிப்பில் தொடக்கமாக இல்லை. புதிய கணக்கின்படி, கையில் விசிறியோடு நடந்துவந்த அந்த விருந்தினர் திரிய்யாவை அடையும்போது அரசுக்குப் பதினேழு வயது ஆகிவிட்டிருந்தது.